பெயர் வந்துவிட்டது, பெறுமதி இன்னும் வரவில்லை

புரொசசர் பைப்லைன் படித்த எல்லோருக்கும் அந்தப் படம் தெரிந்திருக்கும். கட்டளைகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றிலும், கட்டளையை எடுப்பது, பிரித்தறிவது, கணிப்பது, மெமரியைத் தொடுவது, விடையை எழுதுவது என்ற ஐந்து கட்டங்களுக்கும் IF, ID, EX, MEM, WB என்று ஐந்து பெட்டிகள். ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்கு வேண்டியிருந்தால், மேல் வரிசைப் பெட்டியிலிருந்து கீழ் வரிசைப் பெட்டிக்கு ஓர் அம்புக்குறி கீறுவோம். அது வலப்பக்கம் சரிந்தால் போர்வர்டிங் செய்யலாம், அதாவது விடை ரெஜிஸ்டர் ஃபைலுக்குப் போகும் முன்பே அதை நேரே கொடுத்துவிடலாம். இடப்பக்கம் சரிந்தால், "காலத்தில் பின்னுக்குப் போக ஏலாது, ஆகவே ஸ்டோல்" என்று, அதாவது அடுத்த கட்டளை ஒரு சைக்கிள் காத்திருக்கட்டும் என்று, சொல்லி முடித்துவிடுவோம்.

பரீட்சைக்கு அது போதும். ஆனால் சொந்தமாக ஒரு புரொசசரை வெரிலொக்கில் எழுதி ஓட விடும்போது அந்த அம்புக்குறியால் ஒரு பயனும் இல்லை. எழுதுகிற வெரிலொக் வரிகளில் படிக்கட்டும் இல்லை, சரிவும் இல்லை. அங்கே இருப்பவை நான்கு பெரிய ரெஜிஸ்டர்களும் அவற்றுக்கு இடையே ஓடும் கம்பிகளும்தான். ஸ்டோல் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு விடை அந்தக் கம்பிகளில் ஒரு மின்குறி போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஸ்டோலைத் தர்க்கப் பிரச்சினையாகச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தி, நேரப் பிரச்சினையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணத்தை முழுதாக எழுதிவிடத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த நான்கு ரெஜிஸ்டர்கள். `IF/ID`, `ID/EX`, `EX/MEM`, `MEM/WB` என்று இரண்டு கட்டங்களுக்கு இடையே ஒவ்வொன்று. கிளொக் எட்ஜ் வரும் கணத்தில் ஒவ்வொன்றும் தன் வாசலில் நிற்கும் பெறுமதியைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அடுத்த எட்ஜ் வரும்வரை அதை மாற்றாது. இரண்டு எட்ஜ்களுக்கு இடைப்பட்ட நேரத்தில், அந்தப் பெறுமதி ஏஎல்யூ, மெமரி, மக்ஸ் போன்றவற்றினூடாகப் போய் அடுத்த ரெஜிஸ்டரின் வாசலில் நிலைத்து நிற்க வேண்டும். நிலைக்கும் முன் எட்ஜ் வந்துவிட்டால் அடுத்த ரெஜிஸ்டர் குப்பையைப் பிடிக்கும். பைப்லைன் முழுவதற்கும் இதுதான் ஒரே சட்டம்.

இந்தக் கண்ணோடு சாதாரண போர்வர்டிங்கைப் பாருங்கள். `add x6, x5, x7` என்ற கட்டளைக்கு அடுத்தே `sub x8, x6, x9` வருகிறது. `add` EX கட்டத்தில் இருக்கும் சைக்கிளில் ஏஎல்யூ விடையைக் கணித்துவிடும். சைக்கிள் முடியும் எட்ஜில் அந்த விடை `EX/MEM`-க்குள் போய் உட்காரும். அடுத்த சைக்கிளில் `sub` EX-க்கு வருகிறது. அதற்கு வேண்டிய `x6` இன்னும் ரெஜிஸ்டர் ஃபைலுக்குப் போகவில்லை. ஆனால் `EX/MEM`-இல், சைக்கிள் தொடங்கிய கணத்திலிருந்தே, அசையாமல் இருக்கிறது. ஏஎல்யூவின் வாசலில் ஒரு மக்ஸ் வைத்து அங்கிருந்து எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. நிபந்தனையை இப்படி எழுதுவோம்:

```
if (EX_MEM_RegWrite && EX_MEM_rd != 0
    && EX_MEM_rd == ID_EX_rs1)
        fwdA = 2'b10;   // EX/MEM
else if (MEM_WB_RegWrite && MEM_WB_rd != 0
    && MEM_WB_rd == ID_EX_rs1)
        fwdA = 2'b01;   // MEM/WB
else    fwdA = 2'b00;   // ID/EX
```

இரண்டு இடமும் பொருந்தினால் `EX/MEM`-க்கு முதலிடம். அதிலிருப்பதுதான் பிந்திய கட்டளையின் விடை. மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் பெறுமதி புறப்படுவது ஒரு ரெஜிஸ்டருக்குள்ளிருந்துதான். ஆகவே அது சைக்கிளின் தொடக்கத்திலேயே தயார். ஏஎல்யூவுக்கு ஏறக்குறைய முழுச் சைக்கிளும் மிஞ்சும். போர்வர்டிங் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இனி, மெமரியிலிருந்து ஒரு பெறுமதியை ரெஜிஸ்டருக்குக் கொண்டுவரும் `lw`. `lw x5, 0(x10)` EX-இல் இருக்கும்போது ஏஎல்யூ கணிப்பது மெமரி முகவரியை மட்டும்தான். எட்ஜ் வந்ததும் `EX/MEM`-க்குள் அந்த முகவரி போகிறது. கூடவே `rd` என்ற இடத்தில் 5 என்ற எண்ணும், `RegWrite` என்ற இடத்தில் 1-உம் போகின்றன. இப்போது அந்த ரெஜிஸ்டரைப் பார்க்கும் போர்வர்டிங் யூனிட்டுக்கு, `x5`-க்கு எழுதப்போகும் கட்டளை ஒன்று இங்கே நிற்கிறது என்று தெரியும். உண்மைதான், நிற்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் இருப்பது `x5`-இன் பெறுமதி இல்லை, முகவரி. பெயர் ஒரு எட்ஜ் முந்தி வந்துவிட்டது, பெறுமதி வரவில்லை. ஸ்டோலை நேரத்தோடு சேர்த்துப் பார்க்க முதலில் பிடிக்க வேண்டிய நுனி இதுதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, ஒரு வீட்டு விறாந்தையில் வார இறுதிப் பின்னேரங்களில் சில மாணவர்களோடு இருந்து ஒரு சின்ன ரிஸ்க்-ஃபைவ் புரொசசர் கட்டுகிறோம். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இங்கே விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்தபோது கோப்பாயிலிருந்து வருகிற ஒரு பிள்ளை கேட்டாள்:

"சேர், `lw` MEM-இல நிக்கேக்க மெமரி பெறுமதியைக் குடுத்திடுதுதானே? அந்த வயரை நேர ஏஎல்யூ மக்ஸுக்குக் குடுத்தா என்ன? ஸ்டோலே தேவையில்லையே."

"செய்து பாத்தனீங்களோ?"

"ஓம் சேர். எல்லா டெஸ்ட்டும் பாஸ். விடை எல்லாம் சரி."

அவள் சொன்னது முழுக்க உண்மை. மடிக்கணினியைத் திருப்பி அலைவடிவத்தைக் காட்டினாள். `lw`-க்கு அடுத்த `add` ஒரு சைக்கிளும் காத்திருக்காமல் சரியான எண்ணோடு போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் நாம் கீறும் படத்தின்படி இது "காலத்தில் பின்னுக்குப் போவது". ஆனால் சிமியுலேட்டர் ஒரு முறைப்பாடும் இல்லாமல் அதைச் செய்கிறது. அப்படியானால் நாம் சொல்லிக்கொடுக்கிற காரணத்தில்தான் குறை இருக்கிறது.

`lw` MEM-இல் இருக்கும் அதே சைக்கிளில்தான் `add` EX-இல் இருக்கிறது. மெமரியின் வெளிவாசலில் பெறுமதி சைக்கிளின் பின்பகுதியில் தோன்றும், அடுத்த சைக்கிளுக்கு முன் தோன்றிவிடும். அதை எடுத்து ஏஎல்யூவுக்குக் கொடுப்பதைத் தடுக்கும் தர்க்கவிதி எதுவும் கிடையாது. சாதாரண சிமியுலேஷனில் தாமதம் பூச்சியம். மெமரி, மக்ஸ், ஏஎல்யூ மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றாலும் எல்லாம் ஒரே கணத்தில் நிலைத்துவிடும். அதனால் எவ்வளவு நீளமான கம்பித் தொடரும் அங்கே ஒரு சைக்கிளுக்குள் அடங்கும். வன்பொருளில் அடங்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையால் கூட்டுவதற்கு இலகுவான எண்களாக எடுக்கிறேன். எட்ஜ் வந்தபின் ரெஜிஸ்டரின் வெளிவாசலில் பெறுமதி தோன்ற 0.5 நனோசெக்கன். போர்வர்டிங் மக்ஸ் 0.8. ஏஎல்யூ 3.2. மெமரி வாசிப்பு 3.7. அடுத்த ரெஜிஸ்டரின் வாசலில் எட்ஜுக்கு முன் பெறுமதி நிலைத்து நிற்க வேண்டிய நேரம் 0.3. EX கட்டத்தின் பாதை 0.5, 0.8, 3.2, 0.3 எல்லாம் கூட்ட 4.8 நனோசெக்கன். MEM கட்டத்தின் பாதை 0.5, 3.7, 0.3 கூட்ட 4.5. இரண்டும் 5 நனோசெக்கனுக்குள் அடங்குகின்றன, ஆகவே கிளொக்கை 200 மெகாஹேர்ட்ஸில் ஓட்டலாம்.

அந்தப் பிள்ளையின் குறுக்குக் கம்பியைச் சேர்த்ததும் புதிய பாதை ஒன்று பிறக்கிறது. அது `EX/MEM`-இலிருந்து புறப்பட்டு, மெமரியைக் கடந்து, மக்ஸைக் கடந்து, ஏஎல்யூவைக் கடந்து, மறுபடி `EX/MEM`-இன் வாசலுக்கே வருகிறது. 0.5 + 3.7 + 0.8 + 3.2 + 0.3, மொத்தம் 8.5 நனோசெக்கன். இடையில் ஒரு ரெஜிஸ்டரும் இல்லை. 5 நனோசெக்கன் கிளொக்கில் இதற்கு 3.5 நனோசெக்கன் பற்றாக்குறை. எஃப்பிஜிஏ மென்பொருள் தரும் டைமிங் அறிக்கையில் மிஞ்சும் நேரத்தைக் காட்டும் ஸ்லக் என்ற இடத்தில் இதுவே எதிர்க்குறியோடு வரும். அந்த அறிக்கையில் மிக மோசமான பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பெயர்களோடு இருக்கும். தொடக்கமும் முடிவும் `EX/MEM` என்று இருந்து, நடுவில் மெமரியின் பெயரும் ஏஎல்யூவின் கூட்டல் சங்கிலியும் இரண்டுமே தென்பட்டால், யாரோ ஸ்டோலைக் கம்பியால் கடந்திருக்கிறார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆக, அவளுடைய வடிவமைப்புப் பிழையானது இல்லை. அது 117 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓடக்கூடிய சரியான புரொசசர். எங்கள் கையிலிருக்கும் போர்டில் கிளொக் 50 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு சைக்கிளுக்கு 20 நனோசெக்கன் இருக்கிறது. 8.5 அதில் தாராளமாக அடங்கும். அந்த வேகத்தில் அவளுடைய புரொசசர்தான் மேலானது, ஸ்டோல் வைத்த புரொசசர் சைக்கிளை வீணாக்குகிறது. அதே கட்டளைகள், அதே சார்பு, ஆனால் கிளொக் காலம் மாறியதும் ஸ்டோலின் தேவையும் மாறிவிடுகிறது. ஸ்டோல் நேரத்தின் பிரச்சினை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. இதைப் புரிய வைத்த பிறகுதான், "பின்னுக்குப் போகும் அம்புக்குறி" என்பது 5 நனோசெக்கன் கிளொக்கைத் தெரிவுசெய்த பின் வரும் விளைவு என்று மாணவர்களுக்குத் தெளிகிறது.

சரி, 200 மெகாஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் எது லாபம்? நூறு கட்டளைகள் ஓடுகின்றன, அவற்றில் பத்து இடத்தில் `lw`-இன் பெறுமதியை அடுத்த கட்டளையே கேட்கிறது என்று வைப்போம். ஸ்டோல் வைத்தால் 110 சைக்கிள், தலா 5 நனோசெக்கன், 550 நனோசெக்கன். குறுக்குக் கம்பி வைத்தால் 100 சைக்கிள், தலா 8.5, 850 நனோசெக்கன். அந்தக் கம்பி பத்துக் கட்டளைகளின் காத்திருப்பைப் போக்குவதற்காக நூறு கட்டளைகளையும் மெதுவாக்குகிறது. இரண்டும் சமமாக வேண்டுமானால் நூறில் எழுபது இடத்தில் ஸ்டோல் வர வேண்டும். அப்படியும் ஒரு வகை இருக்கிறது. `lw x5, 0(x5)` என்று முகவரியிலிருந்து முகவரிக்குத் தாவிக்கொண்டே போகும் தொடரில், ஒவ்வொன்றும் முன்னையதற்காகக் காத்திருக்கும். அங்கே ஸ்டோல் வைத்தால் ஒவ்வொரு `lw`-க்கும் 10 நனோசெக்கன், குறுக்குக் கம்பிக்கு 8.5. வெறும் தாவல் மட்டுமே செய்யும் நிரலுக்கு அவளுடைய வழி வெல்லும். சாதாரண நிரலில் அந்தத் தாவல்களுக்கு இடையே ஒப்பீடும் கூட்டலும் நிறைய இருக்கும், அதனால் ஸ்டோல்தான் வெல்லும்.

ஸ்டோலைத் தெரிவுசெய்துவிட்டோம். அடுத்த கேள்வி, அது ரெஜிஸ்டர்களில் எப்படி நடக்கிறது என்பது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. `lw` EX-இலும் அடுத்த கட்டளை ID-இலும் இருக்கும் சைக்கிளிலேயே ஆபத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும்:

```
stall = ID_EX_MemRead && ID_EX_rd != 0 &&
        (ID_EX_rd == IF_ID_rs1 || ID_EX_rd == IF_ID_rs2);
```

`stall` உயர்ந்தால் வரப்போகும் ஒரே எட்ஜில் மூன்று காரியம் நடக்க வேண்டும். `PC` தன் பெறுமதியை மாற்றாமல் பிடித்துவைக்க வேண்டும். `IF/ID`-உம் அப்படியே பிடித்துவைக்க வேண்டும். `ID/EX`-க்குள் மட்டும், கட்டுப்பாட்டு மின்குறிகள் எல்லாம் பூச்சியமாக, ஒரு பபிள் நுழைய வேண்டும். எதையும் எழுதாத, எதையும் வாசிக்காத வெறும் கட்டளை அது. `lw` மட்டும் MEM-க்கு முன்னேறும். அதற்கு அடுத்த எட்ஜில் `lw`-இன் பெறுமதி `MEM/WB`-க்குள் வந்துவிடும், காத்திருந்த கட்டளை EX-க்குள் நுழையும், போர்வர்டிங் மக்ஸ் `MEM/WB`-இலிருந்து எடுத்துக்கொள்ளும். பெயரும் பெறுமதியும் ஒரே ரெஜிஸ்டரில் சேர்ந்து நிற்பது அப்போதுதான்.

மூன்றில் ஒன்று தவறினாலும் புரொசசர் நின்றுபோகாது. பிழையான எண்ணோடு அமைதியாக ஓடும். அதனால் எது தவறியது என்று எண்ணைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு சின்ன நிரலை எப்போதும் முதலில் ஓடவிடுவேன். `x10`-இல் 256 இருக்கிறது, மெமரியின் 256ஆம் முகவரியில் 40 இருக்கிறது, `x6` பூச்சியம்.

```
lw   x5, 0(x10)
addi x5, x5, 1
addi x6, x6, 7
```

சரியாக ஓடினால் `x5`-இல் 41, `x6`-இல் 7.

`x5`-இல் 257 வந்தால் ஸ்டோலே நடக்கவில்லை. `addi` EX-இல் இருக்கும்போது `lw` MEM-இல் இருக்கிறது, போர்வர்டிங் யூனிட் `EX/MEM`-இல் `x5` என்ற பெயரைக் கண்டு அங்கிருந்த பெறுமதியை எடுத்துக் கொடுத்துவிட்டது. அங்கிருந்தது முகவரி, 256. அதோடு 1 கூட 257. நான் முன்னே சொன்ன, பெயர் முந்தி வந்து பெறுமதி வராத நிலை இங்கே எண்ணாகவே கண்முன் வந்து நிற்கிறது. எந்த நிரலிலாவது ஒரு கணக்கின் விடை மெமரி முகவரிக்குக் கிட்டவாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

258 வந்தால் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. `PC`-யும் `IF/ID`-உம் ஒழுங்காகப் பிடித்துவைத்தன, ஆனால் `ID/EX`-க்குள் பபிள் போகவில்லை, `addi`-யே போய்விட்டது. பிடித்துவைத்த பிரதி ஒன்றும் முன்னே போன பிரதி ஒன்றுமாக இப்போது இரண்டு `addi` இருக்கின்றன. முதற்பிரதி முகவரியை எடுத்து 257 ஆக்குகிறது. அடுத்த சைக்கிளில் இரண்டாம் பிரதி EX-க்கு வரும்போது, `MEM/WB`-இல் சரியான 40 காத்திருக்கிறது. ஆனால் `EX/MEM`-இலும் `x5` இருக்கிறது, அதற்குத்தானே முதலிடம். 257-ஐ எடுத்து 258 ஆக்கிவிடுகிறது. சரியான பெறுமதி பக்கத்திலேயே இருந்தும் முன்னுரிமை விதி அதைத் தள்ளிவிட்டது. இந்த ஒரு எண்ணை முதன்முதலாகப் பின்தொடர்ந்து போய் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் மாணவர், அதன்பிறகு போர்வர்டிங்கை மறக்கவே மாட்டார். நானே பார்த்திருக்கிறேன்.

`x5`-இல் வெறும் 40 நின்றால் `addi` தொலைந்துபோனது. பபிள் போயிருக்கிறது, `IF/ID` மட்டும் பிடித்துவைக்காமல் அடுத்ததை உள்ளே விட்டிருக்கிறது. அப்போது `x6`-ஐப் பார்க்க வேண்டும். அது 7 என்றால் `PC`-யும் பிடித்துவைக்கவில்லை. 14 என்றால் `PC` பிடித்துவைத்திருக்கிறது, அதனால் மூன்றாம் கட்டளை இரண்டு தடவை உள்ளே வந்திருக்கிறது. `x5` சரியாக 41 ஆக இருந்து `x6` பூச்சியமாகவே நின்றால், `IF/ID` பிடித்துவைத்தது, `PC` நகர்ந்துவிட்டது, மூன்றாம் கட்டளை நுழைய இடமில்லாமல் போய்விட்டது. மூன்று வரி நிரல்தான், ஆனால் எந்த ரெஜிஸ்டர் எந்த எட்ஜில் தன் வேலையைச் செய்யவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த நிரல் பிடிக்காத பிழை ஒன்றும் இருக்கிறது. `lw x5`, அடுத்து அதைப் பயன்படுத்தும் `add`, அதற்கடுத்து மறுபடி `x5`-ஐக் கேட்கும் `sub`. ஸ்டோல் வந்ததால் `sub` ஒரு சைக்கிள் பிந்துகிறது. `lw` WB-இல் ரெஜிஸ்டர் ஃபைலுக்கு எழுதும் அதே சைக்கிளில் `sub` ID-இல் வாசிக்கிறது. எழுதுவது சைக்கிளின் முடிவில் வரும் எட்ஜில்தான் நடக்கும், வாசிப்பு அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே `sub` பழைய `x5`-ஐ எடுத்துக்கொண்டு போகும். அது EX-க்கு வரும்போது `lw` பைப்லைனை விட்டே போயிருக்கும், போர்வர்டிங் யூனிட்டுக்குப் பிடிக்க ஆளில்லை. பாடப்படங்களில் சைக்கிளின் முதற்பாதியில் எழுதி இரண்டாம் பாதியில் வாசிப்பதாகக் கீறுவது இதற்காகத்தான். எஃப்பிஜிஏவில் நாமே ரெஜிஸ்டர் ஃபைலுக்குள், எழுதும் எண்ணும் வாசிக்கும் எண்ணும் ஒன்றானால் எழுதவரும் பெறுமதியையே வெளியே கொடு என்று ஒரு மக்ஸ் வைக்க வேண்டும். அதுவும் போர்வர்டிங்தான், இடம் மட்டும் வேறு. இதை விட்டவர்களின் புரொசசர், சார்பு கிட்டவாக இருக்கும்போது சரியாக ஓடும், சற்றுத் தள்ளிப் போனால் பிழையான விடை தரும். வழக்கத்துக்கு மாறாக, கிட்ட இருப்பது சரி, தூர இருப்பது பிழை என்றால் நேரே ரெஜிஸ்டர் ஃபைலைப் போய்ப் பாருங்கள்.

வரலாற்றில் இந்தக் காத்திருப்பை வன்பொருள் செய்யவே கூடாது என்று முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோன் ஹென்னஸியின் குழு தொடங்கிய மிப்ஸ் திட்டத்தின் பெயரிலேயே, கட்டங்களை ஒன்றுக்கொன்று பூட்டிவைக்காத பைப்லைன் என்ற கருத்து இருக்கிறது. அதிலிருந்து வந்த முதல் வணிகப் புரொசசரான R2000-இல் `lw`-க்கு அடுத்த கட்டளை அந்தப் பெறுமதியைத் தொடக்கூடாது என்பது சட்டம். அந்த இடத்தில் தொடர்பில்லாத ஒரு கட்டளையை வைப்பது, இல்லையென்றால் `nop` வைப்பது, கொம்பைலரின் பொறுப்பு. `stall` கம்பி தேவையில்லை, `PC`-யைப் பிடித்துவைக்கும் வழியும் இந்தத் தேவைக்கு வேண்டாம். நேரப் பிரச்சினையை நிரல் எழுதுபவரின் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு சைக்கிள் என்பது அந்தப் பைப்லைனின் அளவு. 1991இல் R4000 வந்தபோது கிளொக்கை உயர்த்துவதற்காக எட்டுக் கட்டமாகப் பிரித்தார்கள். மெமரி வாசிப்பின் நடுவிலேயே ஒரு ரெஜிஸ்டர் வந்து உட்கார்ந்தது, `lw`-இன் காத்திருப்பு இரண்டு சைக்கிளாகியது. ஒரு சைக்கிள் என்று கணக்கிட்டு எழுதிய பழைய நிரல்களுக்காக, வன்பொருள் தானே கண்டுபிடித்துக் காத்திருக்கும் பூட்டு அங்கே இருந்தது. ரிஸ்க்-ஃபைவ் தொடக்கத்திலிருந்தே அந்த வழியில்தான் நிற்கிறது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ரெஜிஸ்டர்கள் எங்கே இருக்கின்றன என்பது அந்தப் புரொசசரைக் கட்டியவரின் விஷயம், நிரலுக்குள் அது போகக்கூடாது.

R4000-க்கு நடந்தது எங்கள் விறாந்தையிலும் நடந்தது, சின்ன அளவில். எஃப்பிஜிஏவின் உள்ளே இருக்கும் புளொக் ரேம், முகவரியைக் கொடுத்தவுடன் பெறுமதியைத் தராது. அதன் வாசலிலேயே ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. எட்ஜில் முகவரியைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் பெறுமதியைத் தரும். ஒரு மாணவர் பாடப்படத்தைப் போலவே `EX/MEM`-இலிருந்து முகவரியை ரேமுக்குக் கொடுத்தார். இப்போது முகவரியை இரண்டு எட்ஜ்கள் பிடிக்கின்றன. ஒன்று `EX/MEM`-இல், மற்றது ரேமின் உள்ளே. `lw` MEM-ஐ விட்டுப் போகும் எட்ஜில்தான் ரேம் முகவரியையே பார்க்கிறது. அந்த எட்ஜில் `MEM/WB` பிடித்தது முன்னைய வாசிப்பின் எச்சத்தை. அவர் திரையில் கண்டது, ஒவ்வொரு `lw`-உம் தனக்கு முன் ஓடிய `lw`-இன் விடையைக் கொண்டுவருவது. ஒரு இடம் தள்ளி வரும் விடைகளைக் கண்டால் எங்கோ ஒரு ரெஜிஸ்டர் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

`MEM/WB`-ஐ விட்டுவிட்டு, WB-இல் ரேமின் வாசலிலிருந்தே பெறுமதியை எடுத்துப் போர்வர்ட் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. விடை சரியாகத்தான் வரும். ஆனால் எட்ஜுக்குப் பிறகு ரேமின் பெறுமதி வெளிவர எடுக்கும் நேரம் சாதாரண ரெஜிஸ்டரைவிடப் பல மடங்கு. 2.4 நனோசெக்கன் என்று வைத்தால், அதோடு மக்ஸ் 0.8, ஏஎல்யூ 3.2, கடைசி 0.3, மொத்தம் 6.7. மறுபடி 5-ஐத் தாண்டிவிட்டது. நடுவில் இன்னொரு ரெஜிஸ்டர் போட்டால் நேரம் அடங்கும், ஆனால் அப்போது ஸ்டோல் இரண்டு சைக்கிள்.

கடைசியில் நாங்கள் எடுத்த வழி, ரேமின் முகவரி வாசலை `EX/MEM`-க்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைப்பது. ஏஎல்யூவின் விடைக் கம்பி `EX/MEM`-க்கும் போகிறது, அதே நேரம் நேரே ரேமுக்கும் போகிறது. ஒரே எட்ஜில் இரண்டும் பிடிக்கின்றன. ரேமின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர் `EX/MEM`-இன் ஒரு துண்டாகிவிடுகிறது. MEM சைக்கிளில் 2.4 நனோசெக்கனில் பெறுமதி வெளிவந்து, `lb`, `lh` போன்றவற்றுக்காகப் பைட்டுகளைத் தெரிந்து குறியை நீட்டும் மக்ஸைக் கடந்து, `MEM/WB`-இன் வாசலில் நேரத்தோடு போய் நிற்கிறது. எழுதும் பக்கத்தையும் மறக்கக்கூடாது. ரேம் முகவரியை EX-இன் முடிவில் பிடிப்பதால், `sw`-க்கான தரவும் எழுதும் அனுமதி மின்குறியும் கூட EX-இலேயே ரேமின் வாசலுக்கு வந்தாக வேண்டும். தரவு வருவது போர்வர்டிங் மக்ஸுக்குப் பிறகுள்ள கம்பியிலிருந்து. `rs2` நேரே வரும் பழைய கம்பியிலிருந்து எடுத்தால், கணித்த உடனே மெமரியில் வைக்கும் `sw` மட்டும் பழைய பெறுமதியை எழுதும். மூன்று வரி நிரலில் அது தெரியாது. `addi x5, x5, 1`-க்கு அடுத்த வரியில் `sw x5, 0(x10)` போட்டு, 256ஆம் முகவரியைத் திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும்.